ஆளுக்கு இருபது மீட்டர், ஆனால் சமபங்கு இல்லை

அப்பா விட்டுப்போன மனை. தெற்கே சாலை, சாலையோரம் 60 மீட்டர் முகப்பு. பங்கு பிரிக்க அண்ணன், தங்கை, தம்பி மூவரும் வந்து நிற்கிறார்கள். அண்ணன் கையில் டேப்பு.

"முன்னாடி ஆளுக்கு இருபது மீட்டர். பின்பக்க வேலியையும் மூணு சமமா அளந்து கல்லு நட்டுடுவோம். யாருக்கும் கூடக் குறைய இருக்காது, என்னம்மா?" என்கிறார் தங்கையிடம். தங்கை தலையசைக்கிறார். தம்பிக்கும் சம்மதம். மாலைக்குள் கல் நட்டாகிவிட்டது.

கணக்குக்காக நான் அமைத்துக்கொண்ட குடும்பம் இது. ஆனால் இப்படிக் கல் நடுவதை நம்மில் பலர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். இந்த மனையில் மேற்கே உள்ள துண்டு தம்பிக்கு, நடுத்துண்டு தங்கைக்கு, கிழக்குத் துண்டு அண்ணனுக்கு என்று வைத்துக்கொள்வோம். அன்று நட்ட கற்களின்படி தம்பிக்குக் கிடைத்தது 762 சதுர மீட்டர். தங்கைக்கு 882. அண்ணனுக்கு 1002. அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே 240 சதுர மீட்டர் வித்தியாசம். சென்ட் கணக்கில் கிட்டத்தட்ட ஆறு. சதுர அடியில் 2583, அதாவது ஒரு கிரவுண்டுக்கும் மேல்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. டேப்பும் பொய் சொல்லவில்லை. நீளத்தைச் சமமாகப் பிரித்தால் பரப்பும் சமமாகப் பிரியும் என்ற நம்பிக்கைதான் தவறு.

எப்போது சரி, எப்போது தவறு

இந்த மனையின் பின்பக்க எல்லை சாலைக்கு இணையாக ஓடவில்லை. மேற்கு ஓரத்தில் சாலையிலிருந்து 36 மீட்டர் தூரத்தில் தொடங்கி, கிழக்கே போகப் போக விலகி, கடைசியில் 54 மீட்டருக்குப் போய்விடுகிறது. மூன்று துண்டுகளுக்கும் முகப்பு ஒன்றுதான். ஆனால் கிழக்கே இருப்பவருக்கு ஆழம் அதிகம்.

முன் எல்லையும் பின் எல்லையும் இணையாக இருந்தால் அண்ணன் செய்தது முழுக்கச் சரி. பக்க எல்லைகள் எவ்வளவு சாய்ந்திருந்தாலும், முன்னும் பின்னும் சமமாக வெட்டினால் பரப்பும் சமமாகவே வரும். இணையாக இல்லாவிட்டால் வராது. ஆகவே கல் நடுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை போதும். பின்பக்க மூலைகள் இரண்டிலிருந்தும் சாலைக் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் டேப்பை நம்பலாம். இல்லையென்றால் கணக்குக்குப் போக வேண்டும்.

இந்த மனை காட்டும் இன்னொரு பொறியும் உண்டு. நடுவில் இருக்கும் தங்கையின் துண்டு மட்டும் சரியாக மூன்றில் ஒரு பங்கு. சந்தேகப்பட்டு அதை மட்டும் அளந்து பார்த்திருந்தால், "எல்லாம் சரிதான்" என்று திரும்பியிருப்பார்கள். மூன்றையும் கூட்டினாலும் மொத்தம் சரியாகவே வரும். எப்படி வெட்டினாலும் மொத்தம் மாறாதே! ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுவதுதான் உண்மையான சோதனை.

நான்கு பக்கம் தெரிந்தால் போதாது

அப்படியானால் பரப்பை எப்படிக் கணக்கிடுவது? ஊரில் பழகிய வழி, எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து ஒன்றோடொன்று பெருக்குவது. இந்த மனையில் முன்பக்கம் 60 மீட்டர், பின்பக்கம் 62.64, மேற்கு 36.50, கிழக்கு 54.33. சராசரிகளைப் பெருக்கினால் சுமார் 2785 சதுர மீட்டர் வரும். உண்மையான பரப்பு 2646. ஏறத்தாழ மூன்றரை சென்ட் இல்லாத நிலம் காகிதத்தில் முளைத்துவிடுகிறது. இந்த முறை செவ்வகத்துக்கு மட்டும்தான் சரியான விடை தரும். மற்ற எல்லா வடிவத்துக்கும் கூடுதலாகவே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலிலேயே இது தோராயக் கணக்கு என்று சொல்லிவிட்டுத்தான் நுட்பமான கணக்குக்குப் போகிறார்.

அதைவிட அடிப்படையான ஒரு குறையும் இருக்கிறது. நான்கு மரச்சட்டங்களை முனைகளில் ஒவ்வோர் ஆணி அடித்து இணைத்துப் பாருங்கள். சட்டங்களின் நீளம் மாறாமலே அந்த நாற்கரம் இப்படியும் அப்படியும் சாயும், சாயச் சாயப் பரப்பும் மாறும். குறுக்கே ஒரு சட்டம் அடித்த பிறகுதான் அசையாமல் நிற்கும். நிலமும் அப்படியே. நான்கு பக்க நீளத்தை மட்டும் எழுதி வைத்தால் அதன் வடிவம் தீர்மானம் ஆவதில்லை. மூலைவிட்டம் ஒன்றாவது வேண்டும்.

நில அளவைக்காரர்கள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். எஃப்எம்பி என்று நாம் சொல்லும் புலப்பட நகலை எடுத்துப் பார்த்தால், நிலத்தின் குறுக்கே ஒரு நேர்கோடு போயிருக்கும். அந்தக் கோட்டில் எத்தனை தூரம் போய், அங்கிருந்து செங்குத்தாக எத்தனை தூரம் திரும்பினால் ஒவ்வொரு வளைவும் மூலையும் வரும் என்று இரண்டிரண்டு எண்களாகக் குறித்திருப்பார்கள். ஒரு புள்ளிக்கு இரண்டு எண். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஆயத்தொலைவு என்று படித்தோமே, அதுதான் இது.

டேப்பிலிருந்து ஆயத்தொலைவுக்கு

நம் மனைக்கும் அதையே செய்வோம். மூலைகளுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பெயர்களையே வைத்துக்கொள்ளலாம். தென்மேற்கு கன்னி மூலை, தென்கிழக்கு அக்னி மூலை, வடகிழக்கு ஈசானி மூலை, வடமேற்கு வாயு மூலை. கன்னி மூலைக் கல்லைத் தொடக்கமாக வைத்து, சாலையோரமாகக் கிழக்கே எத்தனை மீட்டர், அங்கிருந்து செங்குத்தாக வடக்கே எத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு எண் எழுத வேண்டும்.

செங்குத்துக் கோடு பிடிக்கக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டேப்பு போதும். வாயு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னி மூலையிலிருந்து அது 36.50 மீட்டர். அக்னி மூலையிலிருந்து குறுக்காக 64.90 மீட்டர். முகப்பு 60. முதல் தூரத்தின் வர்க்கத்திலிருந்து இரண்டாவதன் வர்க்கத்தைக் கழித்து, முகப்பின் வர்க்கத்தைக் கூட்டி, முகப்பின் இரு மடங்கால் வகுத்தால் கிழக்கெண் 6 என்று வரும். பிறகு 36.50-இன் வர்க்கத்திலிருந்து 6-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வடக்கெண் 36. ஈசானி மூலைக்கும் இதே வழி. கிடைப்பது இந்தச் சிறு பட்டியல்:

```
மூலை    கிழக்கு   வடக்கு
கன்னி     0        0
அக்னி     60       0
ஈசானி     66       54
வாயு      6        36
```

பின்பக்க வேலியின் நீளத்தை இந்தக் கணக்கில் நாம் பயன்படுத்தவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை வேண்டுமென்றே மிச்சம் வைத்திருக்கிறோம். வாயு மூலையிலிருந்து ஈசானி மூலைக்குக் கிழக்கே 60, வடக்கே 18. ஆகவே வேலி 62.64 மீட்டர் இருக்க வேண்டும். இப்போது போய் அளந்து பாருங்கள். சில சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் நம் எண்களை நம்பலாம். அரை மீட்டர் தள்ளி நின்றால் எங்கோ டேப்பு தொய்ந்திருக்கிறது, அல்லது ஒரு எண்ணைத் தவறாக எழுதியிருக்கிறோம். அதைச் சரிசெய்யாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

குறுக்கே பெருக்கிப் பரப்பு

மூலைகளை வரிசையாகச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு மூலையின் கிழக்கெண்ணை அடுத்த மூலையின் வடக்கெண்ணால் பெருக்கி, அதிலிருந்து அடுத்ததன் கிழக்கெண்ணை இதன் வடக்கெண்ணால் பெருக்கியதைக் கழிக்கிறோம்.

```
கன்னி-அக்னி:   0×0 − 60×0   = 0
அக்னி-ஈசானி:  60×54 − 66×0  = 3240
ஈசானி-வாயு:   66×36 − 6×54  = 2052
வாயு-கன்னி:    6×0 − 0×36   = 0
```

மொத்தம் 5292. அதில் பாதி 2646 சதுர மீட்டர். இதுதான் மனையின் பரப்பு. மூன்றில் ஒரு பங்கு 882, அதாவது 21.79 சென்ட். சாலை வளைந்திருந்தாலோ வேலியில் மடிப்பு இருந்தாலோ, அந்த இடங்களையும் மூலையாகச் சேர்த்துக்கொண்டால் போதும். வரிகள்தான் கூடும், முறை மாறாது.

சுற்றி வரும் வரிசை மட்டும் பிசகக் கூடாது. அக்னி மூலைக்குப் பிறகு ஈசானிக்குப் போகாமல் வாயு மூலைக்குத் தாவி, பிறகு ஈசானிக்கு வந்தால், கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அப்போது இதே மனைக்கு விடை 54 சதுர மீட்டர் என்று வரும்! பட்டாவில் உள்ள பரப்போடு கொஞ்சமும் ஒட்டாத விடை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

கோட்டை எங்கே போடுவது

882 சதுர மீட்டரை வெட்டிக் கொடுக்கும் கோடு ஒன்றல்ல. எண்ணிக்கையே இல்லாத அளவுக்குக் கோடுகள் உண்டு. ஆகவே கணக்குப் போடுவதற்கு முன் குடும்பம் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சாலை முகப்பு எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டுமா, அல்லது மனைகள் கோணாமல் நேராக இருக்க வேண்டுமா? இந்த நிபந்தனை பிறந்த பிறகுதான் கோடு பிறக்கும்.

முதலில் முகப்பு சமம் என்று வைத்துக்கொள்வோம். கன்னி மூலையிலிருந்து 20 மீட்டரில் சாலையோரம் ஒரு கல். அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்வேலி ஓரமாக வாயு மூலையிலிருந்து கிழக்கே நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது கயிற்றுக்கு மேற்கே இருப்பது ஒரு முக்கோணம். அடி 20, உயரம் 36, பரப்பு 360 சதுர மீட்டர். ஈசானி மூலை வரை நடந்துவிட்டால் கயிற்றுக்கு மேற்கே 1566 சதுர மீட்டர் வந்துவிடும். இதுவும் அதே குறுக்குப் பெருக்கலில் கிடைத்த எண்தான்.

360-க்கும் 1566-க்கும் இடையே பரப்பு ஒரே சீராக ஏறுகிறது. காரணம் எளிது. நடக்க நடக்கச் சேர்வது ஒரு முக்கோணம். அதன் அடி வேலியில் நாம் நடந்த தூரம். உயரமோ கல்லிலிருந்து வேலிக்கு உள்ள செங்குத்துத் தூரம், அது மாறுவதே இல்லை. ஆக, பாதி தூரம் நடந்தால் பாதி சேரும், கால் தூரம் நடந்தால் கால் பங்கு சேரும்.

நமக்கு வேண்டியது 882. கையில் இருப்பது 360. இன்னும் 522 சேர வேண்டும். முழு நடைக்கும் சேர்வது 1206. 522-ஐ 1206-ஆல் வகுத்தால் 0.4328. வேலியின் நீளமான 62.64 மீட்டரில் அந்தப் பங்கு 27.11 மீட்டர். அங்கே கல் நட வேண்டும். இரண்டாவது கோட்டுக்கு 40 மீட்டர் கல்லில் கயிற்றைக் கட்டி, 1764 சதுர மீட்டர் வரும்வரை நடக்கிறோம். தொடக்கம் 720, முடிவு 2106, ஆகவே 0.7532 பங்கு, வாயு மூலையிலிருந்து 47.18 மீட்டர். மூவருக்கும் முகப்பு 20 மீட்டர். பின்பக்கம் தம்பிக்கு 27.11, தங்கைக்கு 20.07, அண்ணனுக்கு 15.46. மூன்று துண்டுகளையும் தனித்தனியாகக் குறுக்கே பெருக்கிப் பார்த்தால் மூன்றும் 882.

இந்தத் தீர்வில் ஒரு சங்கடம் உண்டு. கோடுகள் சாலைக்குச் செங்குத்தாக இல்லை, கிழக்கே சாய்ந்து போகின்றன. வீடு கட்டும்போது சுவரோரம் முக்கோணமாக இடம் வீணாகும். நேரான மனைதான் வேண்டும் என்று மூவரும் சொன்னால், சாலைக்குச் செங்குத்தான கோட்டை மேற்கிலிருந்து கிழக்காக நகர்த்திப் பார்க்க வேண்டும். இப்போது பரப்பு ஒரே சீராக ஏறாது, கிழக்கே போகப் போக ஆழம் கூடுவதால் வேகமாக ஏறும். இருபடிச் சமன்பாடு போட்டுத் தீர்க்கலாம். அதைவிட எளிய வழி, இரண்டு ஊகங்களை வைத்து நெருக்குவது. கோட்டை 25 மீட்டரில் வைத்தால் மேற்கே 846.15 சதுர மீட்டர். 26-இல் வைத்தால் 888. நமக்கு வேண்டிய 882 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கூட வேண்டியது 35.85, ஒரு மீட்டரில் கூடுவது 41.85. வகுத்தால் 0.86, ஆகவே கோடு 25.86 மீட்டரில். இரண்டாவது கோடு இதேபோல் 45.50-இல் வரும்.

இப்போதும் மூவருக்கும் 882 தான். ஆனால் சாலை முகப்பு தம்பிக்கு 25.86 மீட்டர், தங்கைக்கு 19.64, அண்ணனுக்கு 14.50. சாலையோரம் கடை போடக்கூடிய ஊரில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய விலை உண்டு. பரப்பைச் சமமாக்குவது வரைதான் கணக்கின் வேலை. முகப்புக்கு என்ன மதிப்பு, அதற்கு ஈடாக யார் யாருக்குப் பணம் தருவது என்பதையெல்லாம் மூவரும் உட்கார்ந்துதான் பேச வேண்டும். பொதுவழியோ கிணறோ பொதுவில் வைக்க வேண்டுமென்றால், அந்த இடத்தை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் மூன்றாக வகுக்க வேண்டும்.

கைப்பேசி எண்களை நம்பி இறங்கலாமா

இப்போது பலர் நிலத்தின் மூலைகளில் நின்று கைப்பேசியில் ஆயத்தொலைவு குறித்துக்கொள்கிறார்கள். நிலம் எங்கே இருக்கிறது என்று காட்ட அது போதும், பங்கு பிரிக்கப் போதாது. திறந்த வெளியில்கூடக் கைப்பேசி சில மீட்டர் தள்ளிக் காட்டும். நம் மனையின் வாயு மூலை மட்டும் குறுக்கு மூலைவிட்டத்துக்குச் செங்குத்தான திசையில் 3 மீட்டர் நகர்ந்ததாக வைத்துக்கொண்டால், மொத்தப் பரப்பு 128 சதுர மீட்டர் மாறிவிடும். மூன்று சென்ட்டுக்கும் மேல். சென்டிமீட்டர் துல்லியம் தரும் டிஜிபிஎஸ் கருவியோ டோட்டல் ஸ்டேஷனோ வைத்திருக்கும் அளவையரை அழைப்பது நல்லது. இல்லாவிட்டால் இழுத்துப் பிடித்த டேப்பே கைப்பேசியைவிட மேல்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே குறுக்கே பெருக்கவும் கூடாது. அவை பாகைகள், மீட்டர் அல்ல. அளவையர்கள் அவற்றை யுடிஎம் என்ற மீட்டர் கட்டத்துக்கு மாற்றித் தருவார்கள். அந்தக் கட்டத்தில் 78 பாகைத் தீர்க்கரேகை மண்டலங்களின் எல்லை. அது தமிழ்நாட்டின் ஊடாகவே போகிறது. கோயம்புத்தூர் 43-ஆவது மண்டலம், சென்னை 44-ஆவது. எல்லையோர நிலத்தின் மூலைகளை வெவ்வேறு மண்டலத்தில் எழுதிவிட்டால் கணக்கு சிதறிவிடும். யுடிஎம் எண்கள் பல லட்சம் மீட்டர் அளவில் இருக்கும் என்பதால், பெருக்கும்போது சிறு கால்குலேட்டர் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். ஒரு மூலையின் எண்களை எல்லா மூலைகளிலிருந்தும் கழித்துவிட்டுத் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கல்லும் பத்திரமும்

கணக்கு முடிந்த பிறகு கோடு தரைக்கு வர வேண்டும். சமமுகப்புத் தீர்வையே மூவரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று வைப்போம். முதல் கோட்டின் பின்கல் ஒரு அடி தள்ளி நடப்பட்டால் ஏறத்தாழ 63 சதுர அடி இடம் மாறும். ஆகவே நட்ட பிறகும் ஒரு சோதனை வேண்டும். சாலைக் கல்லிலிருந்து பின்கல்லுக்கு நேராக அளந்தால் முதல் கோடு 45.40 மீட்டர், இரண்டாவது 50.81 மீட்டர் வர வேண்டும். வந்தால் தரையும் காகிதமும் ஒன்று.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதும்போது "தம்பி பாகத்துக்குக் கிழக்கு, அண்ணன் பாகத்துக்கு மேற்கு" என்று பொதுவாக எழுதிவிட்டுப் போவது வழக்கம். யார் பக்கத்தில் யார் என்பது அதிலிருந்து தெரியும். எல்லை எங்கே என்பது தெரியாது. அதோடு இந்த வரிகளையும் சேர்க்கச் சொல்லுங்கள்: கன்னி மூலைக் கல்லிலிருந்து சாலையோரம் 20.00 மீட்டரில் ஒரு கல், வாயு மூலைக் கல்லிலிருந்து வடக்கு எல்லையோரம் 27.11 மீட்டரில் ஒரு கல், இரண்டுக்கும் இடையே 45.40 மீட்டர். இரண்டாவது கோட்டுக்கும் இதேபோல். மூலைகளின் பட்டியலையும் வரைபடத்தையும் இணைத்துவிட்டால், உட்பிரிவு செய்ய வரும் அளவையருக்கும் வேலை தெளிவாகும்.

கல் உழவில் பெயரும், மண்ணில் புதையும், சில நேரம் இரவில் நகரவும் நகரும். அன்று மாலை அண்ணன் நட்ட கற்களில் ஒன்று காணாமல் போனால், அது எங்கே இருந்தது என்று சொல்ல அவருடைய ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. இந்த எண்கள் பத்திரத்தில் ஏறிவிட்டால், மூவரின் பேரப்பிள்ளைகளில் யாராவது ஒருவர் மூலைக் கற்களிலிருந்து டேப்பை இழுத்து, அதே இடத்தில் மறுபடியும் கல்லை நட்டுவிட முடியும்.